காந்தப் பிடியும் கதவுத் தகடும்

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் நம்மவர் வாழும் வீடுகள் பல, கீழே ஓர் அறையும் அதன்மேல் ஏணி வைத்து ஏறும் மாடியுமாக அமைந்தவை. தரையில் இடமில்லாத காரணத்தால் பண்டங்கள் யாவும் சுவரின் மேற்பகுதிக்கு ஏறிவிடுகின்றன. அரிசி டப்பா, மருந்துப் புட்டி, பினாயில், தீப்பெட்டி எல்லாம் பிளைவுட் பலகையால் செய்த சுவரலமாரிக்குள் அடங்குகின்றன. அதற்குக் கீழேதான் இரவில் குழந்தைகள் படுத்துறங்குகிறார்கள். இத்தகைய வீட்டில் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்வது சிறு தொல்லை அன்று. எழுந்து நிற்பவரின் நெற்றியில் கதவு முனை இடிக்கிறது. உள்ளிருக்கும் புட்டி உருண்டு விழுகிறது. எலிக்கும் கரப்பானுக்கும் வழி பிறக்கிறது.

இக்கதவுகளை மூடி நிறுத்துவது பெரும்பாலும் ஒரு காந்தப் பிடியே. கடைக்காரர்கள் இதனை ‘மேக்னட் கேட்ச்’ என்பார்கள். வீட்டில் வெறும் ‘மேக்னட்’ என்றால் போதும், யாவருக்கும் விளங்கிவிடும். கதவு நிற்கவில்லையென்றால் ‘மேக்னட் செத்துப் போயிற்று’ என்று சொல்லிப் புதியதொன்றை வாங்கி மாட்டுகிறோம். புதியது சில நாள் பிடிக்கிறது, அல்லது மாட்டிய அன்றே பிடிக்க மறுக்கிறது. உண்மை யாதெனில், காந்தம் சாவது மிகவும் அரிது. கதவிலுள்ள தகடு காந்தத்தைத் தொடாமல் நின்றுவிடுவதே பெரும்பாலும் காரணமாகும்.

இதனை அறிவதற்குக் காந்தப் பிடியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். பிளாஸ்டிக் பெட்டி ஒன்றினுள் கருநிறமான, ஓடு போன்ற காந்தத் துண்டு இருக்கிறது. அதன் இருபுறமும் இரும்புப் பட்டைகள் இரண்டு ஒட்டி நிற்கின்றன. அப்பட்டைகளின் விளிம்புகளே பெட்டியின் வாய்ப்புறத்தில் இரு கோடுகளாக நமக்குத் தெரிபவை. இப்பெட்டி அலமாரியினுள் திருகப்பட்டிருக்கும். அதற்கு எதிரே, கதவின் உட்புறத்தில், ஒரு சிறிய இரும்புத் தகடு இருக்கும். காந்தத்தின் ஆற்றல் ஒரு பட்டையின் வழியாக வெளிவந்து, தகட்டின் ஊடே சென்று, மற்றப் பட்டையின் வழியாகத் திரும்புகிறது. ஆகவே தகடு இரண்டு பட்டைகளையும் ஒருங்கே தொடவேண்டும். ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாவிட்டால் பிடி தளர்ந்துவிடும்.

இடையில் நுழையும் காற்றுவெளி இந்த ஆற்றலுக்குப் பெரும் பகை. இதனை எவரும் வீட்டிலேயே சோதிக்கலாம். தகட்டைக் கழற்றிக் காந்தத்தின் மீது ஒட்டவைத்து இழுத்துப் பாருங்கள். பிறகு இடையில் செய்தித்தாளை நான்காக, எட்டாக மடித்து வைத்து மறுபடியும் இழுத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் சேர்வதற்குள் இழுவிசை வெகுவாகத் தளர்ந்துவிடும். இரண்டு மில்லிமீட்டரில் கதவைப் பிடித்து நிறுத்தும் வலிமை அதற்கு இராது. கண்ணுக்குத் தென்படாத இந்த இடைவெளியைத்தான் நாம் ‘காந்தம் செத்துப் போயிற்று’ என்று தவறாகப் படிக்கிறோம்.

அடுப்பின் சூட்டில் காந்தம் கெட்டுவிட்டது என்று கூறுவோரும் உண்டு. இந்தக் கருங்காந்தம் 1950-களின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான ஃபெரைட் வகையைச் சேர்ந்தது. இது தன் காந்தத் தன்மையை அடியோடு இழக்க ஏறத்தாழ 450 டிகிரி வெப்பம் வேண்டும். சமையலறைச் சூட்டில் இதன் வலிமை சற்றுக் குறையும். ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சூட்டினால் கெடுவது காந்தமன்று, அதைச் சுமக்கும் பிளாஸ்டிக் பெட்டியே.

எனவே முதலில் செய்யவேண்டிய சோதனை எளிது. கதவுத் தகட்டைக் கழற்றிக் கையிலே பிடித்துக் காந்தத்தில் வையுங்கள். ‘டக்’கென்று ஒட்டி, இழுத்தால் விடாமல் முரண்டினால் காந்தம் நலமே. அடுத்து, தகட்டை மறுபடியும் கதவில் மாட்டி, இரும்புப் பட்டைகளின் விளிம்பில் சிறிது கண்மையோ நீரில் குழைத்த திருநீறோ தடவிக் கதவை மூடித் திறவுங்கள். தகட்டில் இரண்டு கோடுகள் பதிந்திருந்தால் தொடுகை சரியாக இருக்கிறது. ஒரு கோடு மட்டும் பதிந்தால் தகடு சாய்ந்திருக்கிறது, அல்லது இடம் தள்ளியிருக்கிறது. ஒன்றுமே பதியவில்லையானால் கதவை வேறு ஏதோ ஒன்று தடுத்து நிறுத்துகிறது. இந்த மூன்றாவது நிலைதான் மும்பையின் மழைக்காலத்தில் மிகுதி.

நாம் பார்த்த ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். சட்டத்தினுள்ளே அமரும் கதவு. அகலம் 40 சென்டிமீட்டர். இரு கீல்களுக்கும் நடுவே 50 சென்டிமீட்டர். ஜூன் மாதத்தில் மழை பிடித்த சில வாரங்களில் கதவு தானாகத் திறக்கத் தொடங்கியது. வீட்டார் இருமுறை காந்தப் பிடியை மாற்றியும் பயனில்லை. திருநீற்றுச் சோதனையில் ஒரு கோடும் பதியவில்லை. கதவைச் சற்றே திறந்து, முனையைப் பிடித்து மேலே தூக்கியபோது அது ஆடிற்று. மேற்கீலின் மூன்று திருகாணிகளில் இரண்டு, நைந்துபோன துளைகளில் வெறுமனே சுழன்றன. கீல் 2 மில்லிமீட்டர் விலகியிருந்தது. கீல் விலகினால் கதவின் மறுமுனை எவ்வளவு இறங்கும் என்பது சிறு கணக்கு. 50 சென்டிமீட்டர் உயரத்தில் 2 மில்லிமீட்டர் விலகினால், 40 சென்டிமீட்டர் அகலத்தில் 1.6 மில்லிமீட்டர் இறங்கும். அந்த இறக்கத்தால் கதவின் கீழ்முனை சட்டத்தில் உரசி, முழுதும் மூடுவதற்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. சட்டத்தின் அடியில் சாயம் தேய்ந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்ததே அதற்குச் சாட்சி.

இந்த நிலையில் காந்தத்தையோ தகட்டையோ தொடவேண்டியதே இல்லை. கதவின் கீழே புத்தகங்களை அடுக்கித் தாங்கல் கொடுத்து, மேற்கீலின் திருகாணிகளை எடுத்துவிட்டு, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளைகளில் இறுகச் செருகினார்கள். ஓர் இரவு காயவிட்டு, மிஞ்சியதை வெட்டி, அதே திருகாணிகளை மீண்டும் முடுக்கினார்கள். மறுநாள் பழைய காந்தமே கதவைப் பிடித்தது. ஈரத்தினால் உப்பிய கதவின் அடியைச் சீவிவிடத் தச்சர் ஒருவர் முன்வந்தாராம். சீவாமல் விட்டது நன்றே. மழைக்காலத்தில் உப்பிய பலகையைச் சீவினால், டிசம்பரில் அது வற்றும்போது அங்கே விரல் நுழையும் சந்து உண்டாகும்.

கீல் உறுதியாக இருந்தும் கதவு வளைந்தோ உப்பியோ தகடு காந்தத்தை எட்டவில்லையானால், அப்போதுதான் இடம் மாற்றும் வேலை வருகிறது. இதிலும் ஒரு வரிசை உண்டு. காந்தப் பெட்டியின் திருகாணித் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாட்டில் அமைந்திருப்பதைக் காண்பீர்கள். இரு திருகாணிகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தினால் பெட்டியை முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் நகர்த்தலாம். கதவு முழுதும் மூடுவதற்கு ஒரு மயிரிழை முன்பாகத் தகடு காந்தத்தைத் தொடும்படி பெட்டியை முன்னே கொணர்ந்து முடுக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கொணர்ந்தால் கதவு சட்டத்தை விட்டுப் புடைத்து நிற்கும். மழைக்காலத்தில் இந்த நகர்த்தலோடு நிறுத்திக்கொள்வதே சிறப்பு. பலகை வற்றியதும் பெட்டியைப் பின்னே தள்ளிவிடலாம். கதவில் புதுத் துளை விழாது.

நீளத்துளை போதவில்லையென்றால், கதவுத் தகட்டின் பின்னே தடித்த அட்டைத் துண்டோ வாஷரோ வைத்துத் தகட்டை முன்னே உயர்த்தலாம். தகட்டின் திருகாணியை மட்டும் உயிர்போக முடுக்கலாகாது. தகடு இம்மியளவு அசைந்து, காந்தத்தின் சாய்வுக்குத் தக்கபடி தானே படிந்துகொள்ள இடம் வேண்டும். திருநீற்றுச் சோதனையில் ஒரு கோடு மட்டும் பதிவதற்கு இந்த மிகை முடுக்கே பலவேளைகளில் காரணமாகிறது. தகடு பக்கவாட்டில் விலகியிருந்தால் மட்டும் அதனைப் பெயர்த்து வேறிடத்தில் பொருத்துங்கள். அப்போது பழைய துளையைத் தீக்குச்சியும் பசையுமிட்டு அடைத்துவிடவேண்டும். இல்லையேல் புதுத் திருகாணி பழைய துளைக்கே வழுக்கிச் சென்றுவிடும்.

தாராவிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இரும்பை அறுப்பதும் தேய்ப்பதுமான பட்டறைகளின் பக்கத்தில் வாழ்வோர் வீடுகளில் இரும்புத்தூள் காற்றோடு வந்து காந்தத்தின் வாயில் தாடிபோல் ஒட்டிக்கொள்கிறது. துடைத்தால் போகாது, விலகி மறுபடியும் ஒட்டும். மாவுபிசைந்த உருண்டையையோ ஒட்டும் நாடாவையோ அழுத்தி எடுத்தால் தூள் அதனோடு வந்துவிடும். தகட்டில் துருவும், சாயம் பூசும்போது சிந்திய வண்ணமும் இதே தீங்கைச் செய்வன. உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சிடும்வரை துப்புரவு செய்யலாம்.

இனி, காந்தத்தை மாற்றியே ஆகவேண்டிய நிலைகள். கையில் வைத்த தகடே ஒட்டாமல் நழுவினால், பெட்டி வெடித்துக் காந்தம் உள்ளே ஆடினால், அல்லது பட்டைகள் துருவேறிப் பருத்துவிட்டால் புதியது வாங்குங்கள். பொருத்துவதற்கு ஓர் எளிய வழி உண்டு. பெட்டியை முதலில் அலமாரியில் திருகிவிட்டு, தகட்டைக் கதவில் மாட்டாமல் காந்தத்தின் மீதே ஒட்டவைத்து, அதன் துளையில் சிறிது கண்மை தடவிக் கதவை அழுத்தி மூடவேண்டும். கதவில் பதியும் கரும்புள்ளியே திருகாணிக்குரிய இடம். அளவுகோல் வேண்டியதில்லை. உயரமான கதவுக்கு வலிய காந்தம் ஒன்றைத் தேடுவதினும் சாதாரணப் பிடிகள் இரண்டை மேலும் கீழும் வைப்பதே மேல். வலிய காந்தத்தோடு இழுபறி நடத்தினால் கைப்பிடியின் திருகாணிதான் முதலில் பெயர்ந்து வரும்.

பளபளக்கும் சிறு நியோடிமியக் காந்தங்களைப் பசையிட்டு ஒட்டும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. 1980-களில் தோன்றிய இவ்வகை, சிறு உருவில் பெருவலிமை உடையதாயினும், அலமாரிக் கதவுக்கு ஏற்றதன்று. கடற்காற்றில் மேற்பூச்சு வெடித்தால் துருப்பிடித்து உதிர்கிறது. சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வலிமையை நிலையாக இழக்கிறது. அதனினும் கொடிய ஆபத்து வேறு. பசை விட்டு விழுந்த இரு காந்தங்களைக் குழந்தை விழுங்கினால், அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பற்றிக் குடலையே துளைத்துவிடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தால்கூட, வயிற்றுவலி வருமா என்று காத்திராமல், சயானிலுள்ள மாநகராட்சி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ அக்கணமே கொண்டு செல்லுங்கள். ஏற்கெனவே இவற்றை ஒட்டிவைத்திருப்போர் இன்றே விரலால் அசைத்துப் பார்த்து, ஆடுகின்றவற்றைக் கழற்றிவிட்டு, திருகாணியில் நிற்கும் பெட்டிப் பிடியைப் பொருத்துவார்களாக.