மூன்றாவது பயணம் வரை வாடகைக்கே

சாங்கி விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றி, ஹோட்டலில் இறக்கி, மறுநாள் மண்டாய், செந்தோசா என்று சுற்றிக் காட்டும் வேலை, வார இறுதியில் கூடுதல் வருமானம் தேடுபவர்களை ஈர்க்கிறது. சொந்தக் கார் தேவையில்லை. நாள் வாடகைக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கைக்கு வரும் பணம் வேறு, மிஞ்சும் பணம் வேறு.

முதலில் சட்டம். நிலப் போக்குவரத்து ஆணையம் வழங்கும் தனியார் வாடகை கார் ஓட்டுநர் தொழில் உரிமம் வேண்டும். வண்டியும் தனியார் வாடகை காராகப் பதிவாகி, முன்பின் கண்ணாடிகளில் அதற்கான வில்லை ஒட்டியிருக்க வேண்டும். பயணம் முன்பதிவானதாக இருக்க வேண்டும். வருகை வாசலில் நின்று ஆள் பிடிக்க முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்டியாகப் பேசுவதற்குத் தனி உரிமம் உண்டு. அது இல்லாதவர் ஓட்டுநராக மட்டும் இருப்பதே நல்லது.

இனி கணக்கு. எனக்குத் தெரிந்த ஒருவர் வாரநாள்களில் அலுவலக வேலை, வீடு ஈசூன். அவருடைய ஒரு வார இறுதியைப் பார்ப்போம். கார் வாடகை நாளுக்கு 90 வெள்ளி, குறைந்தது இரண்டு நாள்.

சனிக்கிழமை காலை 6.30க்குக் கிளம்பினார். சாங்கியில் ஒரு குடும்பத்தை ஏற்றி லிட்டில் இந்தியா ஹோட்டலில் விட்டதற்கு 50 வெள்ளி. பிறகு அதே குடும்பத்துக்கு எட்டு மணி நேரச் சுற்றுலா, 280 வெள்ளி. மொத்தம் 330. செலவில் பெட்ரோல் 25, வாகன நிறுத்தம், மின்னியல் சாலைக் கட்டணம், செந்தோசா நுழைவு எல்லாம் சேர்த்து 20, கார் கழுவவும் தண்ணீர் போத்தல்களுக்கும் 10, வாடகை 90. மிச்சம் 185. இரவு 8 மணிக்கு வீடு திரும்பினார். பதின்மூன்றரை மணி நேரத்துக்கு இது மோசமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு விமான நிலையப் பயணம். விமானம் தாமதம், மூன்றரை மணி நேரம் போனது. வந்தது 50, பெட்ரோலும் நிறுத்தமும் 16, வாடகை 90. அன்றைக்கு 56 வெள்ளி நட்டம்! இரண்டு நாளும் சேர்த்தால் கைக்கு வந்தது 380, மிஞ்சியது 129. பதினேழு மணி நேர உழைப்புக்கு மணிக்கு ஏறக்குறைய 7 வெள்ளி 60 காசு.

ஞாயிறு காலை அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாமா? கூடாது. வாடகையை ஏற்கெனவே கட்டியாயிற்று. அந்தப் பயணம் 34 வெள்ளியை மீட்டது. கேள்வி காரை எடுக்கும் முன்பே வந்திருக்க வேண்டும். ஒரு விமான நிலையப் பயணத்தில் 34 வெள்ளி மிஞ்சினால், 90 வெள்ளி வாடகையைத் தாண்டுவது மூன்றாவது பயணத்தில்தான். முழுநாள் சுற்றுலாவோ, மூன்று பயணங்களோ உறுதியாகாத நாளுக்கு வண்டி எடுப்பது உங்கள் நேரத்தை வாடகை நிறுவனத்துக்குக் கொடுப்பதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஓடோமீட்டர் எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள். பலர் பயணி ஏறியது முதல் இறங்கியது வரை மட்டும் கணக்கிடுகிறார்கள். ஈசூனிலிருந்து சாங்கிக்கு வெறும் வண்டியாகப் போகும் தூரமும் பெட்ரோல் குடிக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் வரவு, செலவு, காத்திருந்த நேரம் மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். நான்கு வாரம் ஆனதும் எந்த வகைப் பயணம் உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்பது தெரிந்துவிடும்.

முன்பதிவின்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். விமான எண் என்ன? அது தெரிந்தால் உண்மையான தரையிறங்கும் நேரத்தைப் பார்த்துக் கிளம்பலாம். இலவசமாகக் காத்திருக்கும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிடலாம். பெரிய பெட்டிகள் எத்தனை? நான்கு பேரும் நான்கு பெரிய பெட்டிகளும் சாதாரண செடானில் அடங்காது. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் உண்டா? டாக்சிக்கு உள்ள விலக்கு தனியார் வாடகை காருக்கு இல்லை. உயரத்துக்கேற்ற பாதுகாப்பு இருக்கை கட்டாயம்.

நோட்டில் இன்னொரு பக்கம் விபத்துக்கு. வாடகை ஒப்பந்தத்தில், காப்புறுதி கொடுப்பதற்கு முன் ஓட்டுநர் தாமே கட்ட வேண்டிய தொகை குறிப்பிடப்பட்டிருக்கும். 2,000 வெள்ளி என்றால், மேலே பார்த்த வார இறுதியைப்போலப் பதினைந்துக்கும் மேற்பட்ட வார இறுதிகளின் மிச்சம் அது. கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். காரை எடுக்கும்போது நான்கு பக்கமும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கீறல் உங்கள் தலையில் விழாது.

வருமான வரிக்கும் இந்த நோட்டுத்தான் ஆதாரம். தனியார் வாடகை கார் ஓட்டுநர்கள் உண்மைச் செலவைக் கழிக்கலாம், அல்லது மொத்த வரவில் 60 விழுக்காட்டைச் செலவாகக் காட்டலாம். நம் உதாரணத்தில் 380 வெள்ளிக்கு 60 விழுக்காடு 228. உண்மைச் செலவோ 251. எழுதி வைத்தவருக்குத்தான் அந்த வித்தியாசம் கிடைக்கும். பதிவுகளை ஐந்து ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும்.