இடையில் போட்ட பணம் லாபமல்ல

ஜனவரியில் ஒரு லட்சம் ரூபாயை மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறீர்கள். ஜூன் முடிவில் அது 1,20,000. அன்றே மேலும் 1,80,000 போட, கையிருப்பு மூன்று லட்சம். டிசம்பரில் 2,70,000தான் இருக்கிறது. ஃபண்ட் எப்படி நடந்தது?

பணம் போட்ட நாளில் ஆண்டை இரண்டாக வெட்டுங்கள். முதல் பாதி 20% ஏற்றம், அதாவது 1.20. அடுத்த பாதி மூன்று லட்சத்தில் 10% இறக்கம், 0.90. இரண்டையும் பெருக்கினால் 1.08. ஃபண்டின் வருமானம் 8%. கூட்டினால் 10% என்று வரும், அது தப்பு.

பணம் எடுத்தாலும் இதே வழிதான்: எடுப்பதற்கு முந்தைய மதிப்பில் ஒரு பாதியை முடித்து, எடுத்தபின் மிஞ்சியதில் அடுத்ததைத் தொடங்க வேண்டும். அந்த நாளின் மதிப்பைக் குறிக்காவிட்டால் கணக்கு வெறும் உத்தேசம்தான்.

உங்கள் பையிலோ பத்தாயிரம் நஷ்டம். அதற்கு ஃபண்ட் மேனேஜரைத் திட்டாதீர்கள். பெரிய தொகை இறக்கத்துக்கு முன் உள்ளே போனதுதான் காரணம்.