மார்ச் மாத நிலுவைக் கடிதம்: எந்தப் பில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள்?

"நிதியாண்டு முடிவடைய இருப்பதால், தங்கள் கணக்கில் உள்ள நிலுவைத் தொகையை உடனடியாகச் செலுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." மார்ச் பிறந்தால் சிறுதொழில் செய்கிறவர்கள் பலர் அனுப்பும் கடிதம் இதுதான். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு யாராலும் பணம் போட முடியாது. எந்தப் பில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இதில் இல்லை. ஏகப்பட்ட சப்ளையர்களின் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் அக்கவுண்டன்ட், தேடிப் பார்த்தால்தான் புரியும் கடிதத்தை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்.

கோவையில் மில்களுக்கு மோட்டார் ரீவைண்டிங் செய்துதரும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தனி உரிமையாளர், உத்யம் பதிவு உண்டு. ஒரு மில்லிடமிருந்து இரண்டு பில்லுக்குப் பணம் வர வேண்டும். ஜனவரி 9 தேதியிட்டது, ஜி.எஸ்.டி. சேர்த்து 70,800 ரூபாய். பிப்ரவரி 18 தேதியிட்டது 47,200 ரூபாய். பர்ச்சேஸ் ஆர்டரில் 30 நாள் தவணை. கடிதம் எழுதுவது மார்ச் 10 அன்று.

மொத்தமாக "ரூ.1,18,000 நிலுவை" என்று எழுதினால் இரண்டு தவறு நேர்கிறது. முதல் பில்லின் கெடு பிப்ரவரி 8-ல் முடிந்துவிட்டது. இரண்டாவதற்கு மார்ச் 20 வரை நேரம் இருக்கிறது. கெடு வராத பில்லையும் பாக்கி என்று சேர்த்துச் சொன்னால், நியாயமாகக் கேட்கிற முதல் பில்லின் வலுவும் போய்விடும். அடுத்தது, பழுதுபார்ப்பு வேலைக்கு மில் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். தனி உரிமையாளர் என்பதால் ஒரு சதவீதம், அதுவும் ஜி.எஸ்.டி. நீங்கலான தொகைக்கு. 60,000-க்கு 600, 40,000-க்கு 400. ஆக, வங்கிக்கு வர வேண்டியது 1,17,000 ரூபாய்தான். மில்லின் கணக்கிலும் அந்தத் தொகைதான் இருக்கும். நாம் வேறு தொகை எழுதினால், "கணக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லித் தள்ளிப்போட நாமே வழி செய்துகொடுத்ததாகிவிடும்.

திருத்தி எழுதினால் கடிதம் இப்படி அமையும்:

"கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் பில் எண் 212 (ஜனவரி 9), டி.டி.எஸ். போக ரூ.70,200, பிப்ரவரி 8-ல் வர வேண்டியது இன்னும் வரவில்லை. பில் எண் 241 (பிப்ரவரி 18), ரூ.46,800, மார்ச் 20-ல் வர வேண்டியது. இரண்டையும் மார்ச் 25-க்குள் அனுப்பி உதவினால் இந்த ஆண்டுக் கணக்கிலேயே முடித்துக்கொள்வோம். உங்கள் ஸ்டோர் கையெழுத்திட்ட டெலிவரி சலான்களை இணைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு, பில்லில் உள்ளதேதான். தொகையிலோ வேலையிலோ மாறுபாடு இருந்தால் 18-ஆம் தேதிக்குள் தெரிவியுங்கள். உடனே சரிசெய்து தருகிறோம்."

சலானை இணைக்கக் காரணம் உண்டு. பில் பெரும்பாலும் சிக்குவது கணக்குப் பிரிவில் அல்ல. ஸ்டோரிலிருந்து "சரக்கு வந்தது" என்ற ஒப்புதல் வராத இடத்தில். வங்கிக் கணக்கு மாறவில்லை என்று சொல்வதும் வீண்வரி அல்ல. கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி மின்னஞ்சல்கள் பெருகியதால், எண்ணில் சந்தேகம் வந்தால் பேமென்ட் நின்றுவிடும். 31 என்று எழுதாமல் 25 என்று எழுதுவது, ஒப்புதல் வாங்க அவர்களுக்கு நாலைந்து நாள் கிடைக்கட்டும் என்பதற்காக.

மில்லுக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் கெடு. கெடு தாண்டிய பில்லுக்கும் மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் இந்த ஆண்டிலேயே கழிவு உண்டு. "எங்கள் உத்யம் எண் இது, வரிக் கழிவுக்கு உதவும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சட்டப்படி தாமதத்துக்குக் கூட்டு வட்டி கேட்கவும் உரிமை இருக்கிறது. ஆனால் முதல் கடிதத்தில் அதை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் இந்த வரியை விட்டுவிட வேண்டும்.

18-ஆம் தேதி வரை பதில் இல்லையென்றால் போன் செய்யலாம். "சார், பணம் எப்போ வரும்?" என்று கேட்டால் "பார்க்கிறோம்" என்பார்கள். "212 பாஸ் ஆயிடுச்சா சார், எந்தத் தேதி பேமென்ட் லிஸ்ட்ல வருது?" என்று கேட்டால், பில் யார் மேஜையில் நிற்கிறது என்பது தெரியவரும்.

பணம் வந்ததும் கழிந்த 1,000 ரூபாயை டி.டி.எஸ். கணக்கில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது மில்லின் பெயரில் பாக்கியாகவே நின்று, அடுத்த மார்ச் கடிதத்திலும் ஏறிவிடும்.