ஒன்பதைத் தாண்டினால் ஆறைக் கூட்டு

கால்குலேட்டரில் 58-ஐயும் 69-ஐயும் கூட்டினால் 127 வருகிறது. உள்ளே இருக்கும் மின்சுற்றுக்குத் தெரிந்தது 0, 1 இரண்டும்தான். அதனால் ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக நான்கு பிட்டில் எழுதி வைத்துக்கொள்வது ஒரு முறை. 5 என்றால் 0101. 8 என்றால் 1000. இதற்குப் பிசிடி என்று பெயர்.

இதைக் கூட்டும்போது ஒரு சிக்கல் வருகிறது. நான்கு பிட்டில் 0 முதல் 15 வரை எழுதலாம். பிசிடியில் 9-க்கு மேல் இடமில்லை. சாதாரண நான்கு பிட் கூட்டும் சுற்று, தொகை 16 ஆனால்தான் அடுத்த இலக்கத்துக்குக் கேரி அனுப்பும். நமக்கோ 10 ஆனதுமே கேரி வேண்டும். இடைவெளி 6. ஆகவே தொகை ஒன்பதைத் தாண்டினால் மேலும் ஆறைக் கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

ஒன்றாம் இடத்தில் 8-உம் 9-உம் சேர்ந்து 17. சுற்று தருவது 0001, கூடவே ஒரு கேரி. 0001-உடன் 0110-ஐக் கூட்டினால் 0111, அதாவது 7. பத்தாம் இடத்தில் 5, 6, வந்த கேரி 1, மொத்தம் 12. சுற்று தருவது 1100. இந்த முறை கேரி இல்லை. ஆறைக் கூட்டினால் 0010, கேரி 1. விடை 127.

ஒன்பதைத் தாண்டியதைச் சுற்று எப்படி அறியும்? முதல் கூட்டலின் கேரியை K என்றும், விடையின் பிட்களை Z8, Z4, Z2, Z1 என்றும் கொண்டால்:

```
C = K + Z8·Z4 + Z8·Z2
```

இங்கே + என்பது ‘அல்லது’, புள்ளி என்பது ‘மற்றும்’. தொகை 12 முதல் 15 வரை என்றால் Z8, Z4 இரண்டும் 1; 10, 11 என்றால் Z8, Z2 இரண்டும் 1; 16 முதல் 19 வரை என்றால் K காட்டிக்கொடுக்கும். இந்த C, இரண்டாவது கூட்டும் சுற்றின் நடு இரண்டு பிட்களுக்குப் போய் 0110 ஆகிறது. அதுவே அடுத்த இலக்கத்துக்கான கேரியும் ஆகிறது.

பலர் இரண்டாவது சுற்றிலிருந்து வரும் கேரியை அடுத்த இலக்கத்துக்கு இணைத்துவிடுவார்கள். 12-க்கு அது சரியாக வேலை செய்யும். 17-க்கு 0001-உடன் 0110-ஐச் சேர்க்கையில் கேரி வராது. 17 என்பது வெறும் 7 ஆகிவிடும். சூத்திரத்தில் K-ஐ விட்டால் இன்னும் மோசம்: 17-க்கு 0001 என்றே நின்றுவிடும். 0001 பிசிடியில் செல்லும் எண்தான் என்பதால் பார்வைக்குப் பிழை தெரியாது.

ஆகவே 7+5 சரியாக வந்ததோடு சோதனையை நிறுத்தாதீர்கள். ஒரு இலக்கத்துக்கு, உள்வரும் கேரியையும் சேர்த்து மொத்தம் 200 கணக்குகள்தான். எல்லாவற்றையும் போட முடியாவிட்டால் 4+5, 5+5, 8+8, கேரியோடு 9+9 ஆகிய நான்கையாவது போட்டுப் பாருங்கள்.