ஐம்பத்திரண்டரை மணி நேரம் நாலரையாகத் தெரிவது ஏன்?

ஒரு தையல் யூனிட்டில் ஒருவர் ஒரு வாரம் வேலை பார்த்த நேரம் இது: திங்கள் 8:30, செவ்வாய் 9:15, புதன் 8:45, வியாழன் 7:50, வெள்ளி 9:30, சனி 8:40. எக்செல் தாளில் B2 முதல் B7 வரை ஒன்றன்கீழ் ஒன்றாக இவற்றை அடித்து, B8 கட்டத்தில் கூட்டலைப் போடுகிறோம்.

```
=SUM(B2:B7)
```

என்டர் தட்டியதும் வருவது 4:30. பேப்பரில் எழுதிக் கூட்டினால் 52 மணி 30 நிமிடம் வருகிறது. நடுவில் 48 மணி நேரத்தைக் காணோம்.

கூட்டல் தப்பு என்றுதான் முதலில் தோன்றும். சூத்திரத்தை அழித்து மறுபடி போடுவார்கள், வரிசையைத் திரும்ப அடிப்பார்கள். எத்தனை முறை செய்தாலும் அதே 4:30தான். உண்மையில் எக்செல் சரியாகவே கூட்டியிருக்கிறது. B8-க்குள் இருப்பது முழு ஐம்பத்திரண்டரை மணி நேரம். அதைக் கண்ணுக்குக் காட்டும் விதத்தில்தான் கோளாறு.

எக்செல்லுக்கு மணி நேரம் என்று தனியாக ஒரு கணக்கு கிடையாது. அதன் அலகு நாள். ஒரு முழு நாள் 1, அரை நாள் 0.5, ஆறு மணி நேரம் 0.25. நாம் 8:30 என்று அடித்தால் அது உள்ளே 0.354 என்று தொடங்கும் ஒரு தசம எண்ணாக உட்காருகிறது. புள்ளிக்குப் பின்னால் வருவது நாளின் பகுதி. புள்ளிக்கு முன்னால் வரும் முழு எண் நாட்களின் எண்ணிக்கை. தேதிகளையும் எக்செல் இதே முறையில்தான் வைத்திருக்கிறது: 1900 ஜனவரி 1-ஆம் தேதிக்கு 1, மறுநாளுக்கு 2, அப்படியே இன்று வரை.

நம் ஆறு நாள் வேலையையும் கூட்டினால் உள்ளே கிடைப்பது 2.1875. இரண்டு முழு நாள், அதற்கு மேல் 0.1875 நாள், அதாவது நாலரை மணி நேரம். தேதிக் கணக்கில் இதைப் படித்தால் 1900 ஜனவரி 2, அதிகாலை 4:30 என்று ஆகிவிடும். B8 கட்டத்துக்கு இருக்கும் வடிவம் h:mm. மேலே இருக்கும் ஆறு கட்டங்களிலும் அந்த வடிவம் இருப்பதால், கூட்டல் கட்டமும் அதையே எடுத்துக்கொண்டது. h:mm என்றால் கடிகார நேரம். தேதியை விட்டுவிட்டு, இப்போது மணி என்ன என்பதை மட்டும் சொல்லும் வடிவம் அது. எந்தக் கடிகாரமும் மணி 52 என்று காட்டாது. நள்ளிரவு தாண்டியதும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் 2 என்ற முழு எண் மறைந்து, 4:30 மட்டும் கண்ணில் படுகிறது.

இது சந்தேகம்தான் என்றால், B8-இன் வடிவத்தை General என்று மாற்றிப் பாருங்கள். 2.1875 என்று பளிச்சென்று நிற்கும். மொத்த நேரம் தப்பாகத் தெரிகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். புள்ளிக்கு முன்னால் முழு எண் இருந்தால் உங்கள் மணி நேரம் எங்கும் போகவில்லை.

தீர்வு ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறி. B8-இல் கர்சரை வைத்து Ctrl+1 அழுத்தினால் வடிவப் பெட்டி திறக்கும். Number தாவலில் Custom என்பதைத் தேர்ந்தெடுத்து, Type என்ற இடத்தில் இதை அடிக்க வேண்டும்:

```
[h]:mm
```

OK கொடுத்ததும் 52:30 வந்துவிடும். h-ஐச் சுற்றியுள்ள அடைப்புக்குறி, இது கடிகார மணி இல்லை, கழிந்த நேரம், 24-இல் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போ என்று எக்செல்லுக்குச் சொல்கிறது. அதே குறியை நிமிடத்துக்குப் போட்டு [m] என்று கொடுத்தால் 3150 என்று மொத்த நிமிடமாகக் காட்டும். கூகுள் ஷீட்ஸில் Format மெனுவில் Number-க்குள் Duration என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் [HH]:MM. மூன்றிலும் உள்ளே இருக்கும் எண் மாறுவதில்லை, காட்சி மட்டுமே மாறுகிறது.

24-க்கு மேல் போன மொத்தம் சட்டென்று சின்ன எண்ணாக நின்றால் எளிதில் கண்டுபிடித்துவிடலாம்தானே என்று கேட்கலாம். கூலிக் கணக்கில் அது அவ்வளவு எளிதில்லை, அதற்கு ஒரு குறிப்பான காரணம் இருக்கிறது. நம் தொழிலாளர் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது நெடுநாளாக இருக்கும் வரம்பு. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி. 48 என்பது சரியாக இரண்டு நாள். ஆகவே ஒருவர் வரம்புக்குள் முழுதாக 48 மணி நேரம் வேலை பார்த்திருந்தால் மொத்தக் கட்டம் 0:00 என்று காட்டும். 52:30 பார்த்தவருக்கு 4:30 என்று காட்டும். அதாவது அவருடைய ஓவர்டைம் எவ்வளவோ அதுவே திரையில் நிற்கும். 'அட, ஓவர்டைமை மட்டும் பிரித்துக் காட்டுகிறது' என்று நம்பிவிடுவது மிகவும் சுலபம். 46 மணி நேரம் வேலை பார்த்தவருடைய வரி வரும்போது அந்த நம்பிக்கை உடையும்: அங்கே 22:00 என்று நிற்கும். அதைப் பார்த்து இருபத்திரண்டு மணி நேர ஓவர்டைம் போட்டுவிட்டால் முதலாளிக்கு நஷ்டம். 4:30 மட்டுமே மொத்த வேலை என்று எடுத்துக்கொண்டால் உழைத்தவர் வயிற்றில் அடி.

வடிவத்தைச் சரிசெய்த பிறகும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 52:30 என்று இப்போது தெரிந்தாலும், உள்ளே இருப்பது 2.1875 நாள்தான். ஒரு மணி நேரத்துக்கு 90 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டு B8-ஐ நேரடியாக 90-ஆல் பெருக்கினால் 196.875 வரும். ஒரு வாரம் உழைத்தவருக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு ரூபாய். IF சூத்திரத்தில் B8>48 என்று கேட்டாலும் இதே சிக்கல்; 2.1875 ஒருநாளும் 48-ஐத் தாண்டாது, ஓவர்டைம் யாருக்குமே வராது. ஆகவே கூலிக்குப் போகுமுன் நாளை மணி நேரமாக்க வேண்டும். C8-இல் 24-ஆல் பெருக்குங்கள்:

```
=B8*24
```

இந்தக் கட்டத்தின் வடிவம் General ஆக இருக்க வேண்டும். சில நேரம் எக்செல் இதற்கும் நேர வடிவத்தைப் போட்டுவிடும். Ctrl+1 போய் மாற்றினால் 52.5 தெரியும். அதன் பிறகு சாதாரணக் கூலியும் இரட்டிப்புக் கூலியும் சேர்த்து ஒரே வரியில் முடியும்:

```
=MIN(C8,48)*90+MAX(C8-48,0)*180
```

48 மணி நேரத்துக்கு 4320, நாலரை மணி நேரத்துக்கு 810, ஆக 5130 ரூபாய்.

இதுவரை சொன்னதெல்லாம் காட்சிப் பிழை. எண் உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனால் மணி நேரம் நிஜமாகவே தொலையும் இடங்களும் உண்டு. அங்கே எந்த அடைப்புக்குறியும் காப்பாற்றாது. HOUR என்ற செயற்கூறு அவற்றில் ஒன்று. B8-இல் எத்தனை மணி நேரம் என்று கேட்க =HOUR(B8) என்று போட்டால் 4 என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது கடிகார மணியை மட்டும் எடுக்கிறது. TIME இன்னும் மோசம். ஐம்பத்திரண்டரை மணி நேரத்தை உருவாக்க நினைத்து =TIME(52,30,0) என்று எழுதினால் அது இரண்டு நாளையும் கழித்துவிட்டு 0.1875-ஐ மட்டுமே தரும். 48 மணி நேரத்தைக் கழிக்க TIME(48,0,0) என்று எழுதுகிறவர்கள் உண்மையில் பூஜ்யத்தைக் கழிக்கிறார்கள். அங்கே 48/24 என்று எழுத வேண்டும்.

இன்னொரு இடம், கோப்பைச் சேமிக்கும்போது. சம்பள மென்பொருளுக்கு அனுப்புவதற்காகத் தாளை CSV கோப்பாகச் சேமிப்பது பல அலுவலகங்களில் வழக்கம். எக்செல் CSV-இல் எழுதுவது திரையில் தெரிவதை; உள்ளே இருப்பதை இல்லை. மொத்தக் கட்டம் h:mm வடிவத்தில் இருந்தால் கோப்பில் 4:30 என்றே பதிவாகும். அதைத் திறக்கிறவரிடம் 2.1875 என்ற எண் இருக்கவே இருக்காது, General ஆக மாற்றினாலும் திரும்பி வராது. அனுப்பும் முன் வடிவத்தைச் சரிசெய்ய வேண்டும். அதைவிட நல்லது C8-இல் உள்ள 52.5 போன்ற எண்ணையே அனுப்புவது.

நம் பக்கத்தில் நேரத்தை எழுதும் பழக்கத்தால் வரும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். எட்டரை மணியை 8.30 என்று புள்ளி வைத்து எழுதித்தான் நமக்குப் பழக்கம். கல்யாணப் பத்திரிகை முதல் பேருந்து நேரம் வரை அப்படித்தான். எக்செல்லில் அது நேரமே இல்லை, எட்டும் பத்தில் மூன்றும் என்ற சாதாரணத் தசம எண். மேலே உள்ள ஆறு நாள் நேரத்தையும் புள்ளி வைத்து அடித்துக் கூட்டினால் 51.1 வரும். 4:30-ஐப் பார்த்தாவது ஏதோ தப்பு என்று நிமிர்வோம், 51.1-ஐப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, 51 மணி 10 நிமிடம் என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அந்த ஆளுக்கு ஒரு மணி 20 நிமிடம் போய்விட்டது. நிமிடங்கள் 60-ஐத் தாண்டி 100 வரை போய்த்தான் அடுத்த மணியாகின்றன என்பதே காரணம். ஏற்கெனவே புள்ளி வைத்து அடித்த பழைய தாள் கையில் இருந்தால், பக்கத்து வரிசையில் இந்தச் சூத்திரம் ஒவ்வொன்றையும் நேரமாக மாற்றித் தரும்:

```
=INT(B2)/24+ROUND((B2-INT(B2))*100,0)/1440
```

அந்த வரிசைக்கு h:mm வடிவமும், கீழே மொத்தத்துக்கு [h]:mm வடிவமும் கொடுத்தால் 52:30 வந்து சேரும்.

வருகைப் பதிவுக் கருவியிலிருந்து இறக்கிய கோப்புகளில் மட்டும் வேறொன்றைப் பார்க்க வேண்டும். 8:30 என்று சரியாகவே தெரியும், ஆனால் அது வெறும் எழுத்தாக இருக்கும். SUM எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஆறில் இரண்டு எழுத்தாக இருந்தால் நாலு நாளுக்கு மட்டுமே கூட்டல் நடக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. கட்டத்தில் இடது ஓரமாக ஒட்டி நிற்பது ஒரு அடையாளம், ஆனால் யாராவது எல்லாவற்றையும் நடுவில் அமைத்திருந்தால் அதுவும் தெரியாது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள =COUNT(B2:B7) என்று ஒரு காலிக் கட்டத்தில் அடியுங்கள். அது எண்களை மட்டுமே எண்ணும். ஆறு நாளுக்கு 6 வராவிட்டால் குறைகிற நாட்களின் கட்டத்தைத் தேடி, அந்த நேரத்தைத் திரும்ப அடிக்க வேண்டும்.