‘ம்’ என்பதும் ஒரு பதில்தான்: வாய்ப்பேச்சை எழுத்தாக்கும்போது நாம் தொலைப்பவை

சில காலமாக நான் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுகிறேன். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வயதானவர்கள் சொன்ன இடப்பெயர்வு நினைவுகள் அவை. எழுதி முடித்ததும் ஒலியும் எழுத்தும் சேர்ந்து ஒரு தரவுத்தொகுப்பு ஆகும். தமிழ்ப் பேச்சைக் கேட்டுத் தானாக எழுதும் மென்பொருளைப் பழக்குவதற்கு அது பயன்படும். பிற்காலத்தில் ஒருவர் இந்தப் பதிவுகளில் ஓர் ஊரையோ ஓர் ஆண்டையோ தேடிப் பார்ப்பதற்கும் அதே எழுத்துத்தான் உதவும்.

“கேட்டதை எழுதுவதுதானே, இதில் என்ன இருக்கிறது?” என்று தொடக்கத்தில் நானும் நினைத்தேன். மூன்று இடங்களில் கை தடுமாறியது. எண்கள், ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள், பேச்சுக்கு நடுவில் வரும் ‘ம்’, ‘அ’ போன்ற ஒலிகள். இந்த மூன்றுக்கும் நாங்கள் வைத்துக்கொண்ட விதிகளையும் அவற்றுக்கான காரணத்தையும் இங்கே சொல்கிறேன். வீட்டில் அம்மாவின், அப்பாவின் கதையைத் தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

விளக்கத்துக்காக நானே ஒரு வசனம் அமைக்கிறேன். இது எவருடைய வாக்குமூலமும் அல்ல. ஆனால் இப்படிப் பேசுபவர்களை நீங்கள் தினமும் கேட்டிருப்பீர்கள்.

“நாங்கள் வந்து ம்… தொண்ணூத்தஞ்சிலை சாவகச்சேரிக்கு வந்து அஞ்சாறு மாதம் இருந்தனாங்கள்.”

இதை எழுதச் சொன்னால் பலரும் இப்படித்தான் எழுதுவார்கள்: “நாங்கள் 95இல் சாவகச்சேரிக்கு வந்து 5-6 மாதம் இருந்தோம்.” பொருள் மாறவில்லை, வாசிக்கவும் இலகுவாக இருக்கிறது. ஆனால் பேச்சுத் தரவுக்கு இது பிழையான எழுத்து.

எண்கள்: சொன்னபடி, சொல்லாக

மென்பொருள் பழகுவது ஒலியையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான். ‘சாவகச்சேரி’ என்ற எழுத்துகளுக்கும் அந்த ஒலிக்கும் தொடர்பு இருக்கிறது. ‘95’ என்ற இரண்டு இலக்கங்களுக்கும் எந்த ஒலியோடும் நிலையான தொடர்பு இல்லை. ஒருவர் ‘தொண்ணூத்தஞ்சு’ என்பார், வாசித்துப் பழகியவர் ‘தொண்ணூற்றைந்து’ என்பார், இலக்கம் இலக்கமாகச் சொல்பவர் ‘ஒன்பது அஞ்சு’ என்பார். மூன்றுக்கும் ‘95’ என்றே எழுதினால், எதைக் கேட்டபோது அதை எழுதினோம் என்பது மறைந்துவிடும்.

நேரமும் அப்படித்தான். ‘ஒன்பதரை’ என்று சொன்னதை 9.30 என்று எழுதிவிட்டால், அவர் ஒன்பதரை என்றாரா, ஒன்பது முப்பது என்றாரா என்பது பிறகு எவருக்கும் தெரியாது. மொசில்லாவின் ‘கொமன் வொய்ஸ்’ திட்டத்தில், மக்கள் வாசித்துப் பதிவதற்குக் கொடுக்கும் வசனங்களில் இலக்கங்கள் இருக்கக்கூடாது என்று விதி வைத்ததும் இதற்காகத்தான். ஒரே இலக்கத்தை ஆளுக்கு ஒரு விதமாக வாசிப்பார்கள்.

எங்கள் பேச்சில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘அஞ்சாறு’, ‘நாலஞ்சு’, ‘பத்துப் பதினைஞ்சு’ என்று நாம் சொல்வது ஏறக்குறைய ஒரு கணக்கு. எண்களைத் தானாக இலக்கமாக மாற்றும் கருவி ஒன்று, ‘அஞ்சாறு மாதம்’ என்பதை ‘56 மாதம்’ ஆக்கியதை நான் கண்டேன். அரை வருடம் நாலரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாதத்துக்குப் பதிலாக அந்த இடத்தில் ஆட்களின் எண்ணிக்கை இருந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘அஞ்சாறு பேர்’ என்று ஒருவர் தயங்கிச் சொன்னதை ‘6 பேர்’ என்று நாம் திருத்துவதும் இதே பிழைதான். அவர் உறுதியாகச் சொல்லாத ஒன்றை உறுதியாகச் சொன்னதாக்கிவிடுகிறோம்.

ஆகவே எங்கள் முதல் விதி: எண்ணை வாயில் வந்தபடி சொல்லாக எழுதுக. வாசிப்பதற்கும் தேடுவதற்கும் இலக்கம் வேண்டுமென்றால் அதற்குத் தனி வரி.

```
பேச்சு: நாங்கள் வந்து #ம் தொண்ணூத்தஞ்சிலை சாவகச்சேரிக்கு வந்து அஞ்சாறு மாதம் இருந்தனாங்கள்
வாசிப்பு: நாங்கள் 1995இல் சாவகச்சேரிக்கு வந்து ஐந்தாறு மாதம் இருந்தோம்
```

மேல் வரியிலிருந்து கீழ் வரியை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கீழ் வரியிலிருந்து மேல் வரிக்குத் திரும்பிப் போக முடியாது. மற்ற விதிகளும் இந்த ஒரு யோசனையிலிருந்துதான் வந்தன.

எண்களில் ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி இலக்கமோ பதிவில் வந்தால் அதை எழுதுவதில்லை. ஒலியிலும் அந்த இடத்தை அழித்துவிட்டு, எழுத்தில் `#இலக்கம்` என்று மட்டும் குறிக்கிறோம். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களிலிருந்தே ஒருவர் பிறந்த நாளையும், ஆணா பெண்ணா என்பதையும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆங்கிலச் சொற்கள்: எங்கள் வாயில் வந்தபடி

நாம் ‘டொக்டர்’ என்போம், ‘பற்றரி’ என்போம், ‘ஆமி’ என்போம், ‘காம்ப்’ என்போம். தமிழ்நாட்டில் டாக்டர், பேட்டரி, ஆர்மி, கேம்ப். எழுதுபவர் தமிழ்நாட்டு எழுத்துக்குப் பழகியவராக இருந்தால், ‘டொக்டர்’ என்று கேட்டாலும் கை ‘டாக்டர்’ என்றுதான் எழுதும். அப்போது ஒகர ஒலிக்கு ஆகார எழுத்து என்று மென்பொருள் பழகிக்கொள்ளும். பிறகு எங்கள் பேச்சில் வேறு சொற்களிலும் அது தடுமாறும்.

இதைவிடப் பெரிய பிழை, சொல்லையே மாற்றிவிடுவது. அம்மா ஒருவர் ‘பங்கர்’ என்று சொன்னால் அதைப் ‘பதுங்குகுழி’ என்று எழுதுவது எழுத்தாக்கம் அல்ல, மொழிபெயர்ப்பு. நல்ல தமிழில் எழுதவேண்டும் என்ற எண்ணத்தில் நானே ஆரம்பத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். வன்னியில் இரண்டு சொல்லுமே புழங்கின. அவர் எதைச் சொன்னாரோ அதுதான் பதிவு.

ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதினால் என்ன என்றும் கேட்பார்கள். எங்கள் பேச்சில் இந்தச் சொற்கள் தனியாக நிற்பதில்லை. ‘பங்கருக்குள்ளை’, ‘காம்பிலை’, ‘டொக்டரட்டை’ என்று வேற்றுமை உருபோடு ஒட்டிக்கொண்டே வரும். பாதி ஒரு எழுத்தும் பாதி இன்னொரு எழுத்துமாக வெட்டினால், ஒரே சொல் ஆளுக்கு ஒரு வடிவம் எடுக்கும். ஆகவே முழுதும் தமிழ் எழுத்தில், உருபைச் சேர்த்தே எழுதுகிறோம்.

ஒலியை மட்டும் நம்பியும் எல்லாவற்றையும் தீர்க்க முடியவில்லை. ‘ஷெல்’ என்பதைச் சிலர் ‘செல்’ என்றுதான் சொல்கிறார்கள். இடையில் ஓர் ஒலியும் இருக்கிறது. எழுதுபவர்கள் இருவர் ஒரே பதிவைக் கேட்டு இரண்டு விதமாக எழுதினார்கள். அதோடு ‘செல்’ என்று எழுதினால் ‘போ’ என்ற பொருளும், கைத்தொலைபேசியும் வந்து கலக்கும். எனவே இந்தச் சொல்லுக்கு மட்டும் எப்போதும் ‘ஷெல்’ என்று முடிவு செய்தோம். இப்படி முடிவான சொற்களை எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே பட்டியலில் போட்டு வைக்கிறோம். புதுச் சொல் வந்தால் முதலில் பட்டியலைப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கவேண்டும். தன் விருப்பத்துக்கு எழுதக்கூடாது.

விதி வேலை செய்கிறதா என்று பார்க்க இலகுவான வழி, ஒரே பதிவை இருவரிடம் தனித்தனியாகக் கொடுப்பது. முதலில் தந்த வசனத்தில் ‘ம்’ஐ விட்டால் எட்டுச் சொற்கள். முதலில் காட்டிய ‘திருத்திய’ வடிவத்தை அதோடு ஒப்பிட்டால் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, மூன்று சொற்கள் மாறியிருக்கின்றன. எட்டில் நான்கு, அதாவது 50 வீத வேறுபாடு. இருவருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. விதி ஒன்றாக இல்லாததுதான் காரணம்.

தயக்க ஒலிகள்: எது ஒலி, எது சொல்

அந்த விடுபட்ட சொல் ‘வந்து’. வசனத்தில் அது இரண்டு தடவை வருகிறது. “நாங்கள் வந்து” என்பதில் அது வெறும் இழுவை. “சாவகச்சேரிக்கு வந்து” என்பதில் அது வினை. எழுதுபவர் ஒவ்வொரு தடவையும் பொருள் பார்த்து வெட்டத் தொடங்கினால், என்றோ ஒரு நாள் வினையையும் வெட்டிவிடுவார். ஆகவே அகராதியில் உள்ள சொல் எதுவாக இருந்தாலும், இழுவையாக வந்தாலும், எழுதியே ஆகவேண்டும். சொல்லாக இல்லாத தயக்க ஒலிக்கு மட்டும் `#` குறி போடுகிறோம். அதற்கும் `#அ`, `#ம்`, `#ஏ` என மூன்றே வடிவம்தான். ‘ம்ம்ம்ம்’ என்று நீட்டி எழுதுவதில்லை. எவ்வளவு நீளம் என்பது ஒலியிலேயே இருக்கிறது.

பாதியில் நின்ற சொல்லையும் விடுவதில்லை. ‘மாத்- மாத்தளன்’ என்று கோட்டோடு எழுதுகிறோம்.

இந்த விதியை வைத்திருந்தும் நான் ஒரு பிழை விட்டேன். விபரங்களை மாற்றியே சொல்கிறேன். கேள்வி கேட்டவர், “மகனைக் கடைசியாக் கண்டது அங்கைதானோ அம்மா?” என்கிறார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு தாழ்ந்த குரலில் ஒரு ‘ம்’. அதற்குப் பிறகு அந்த அம்மா வேறொரு கதைக்குப் போய்விடுகிறார். நான் அதை `#ம்` என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். தயக்கக் குறி போட்ட ஒலிகளெல்லாம் வாசிப்பு வரியில் நீங்கிவிடும். அங்கே பார்த்தால் கேள்வி இருக்கிறது, பதில் இல்லை.

சரிபார்த்த அக்கா அந்த இடத்தைத் திருப்பி அனுப்பினார். “தம்பி, திரும்பக் கேளுங்கோ. இது தயக்கம் இல்லை, இதுதான் அவவின்ரை பதில்.”

திரும்பக் கேட்டேன். அது ‘ஓம்’ என்பதற்குப் பதிலாக வந்த ‘ம்’. அன்றிலிருந்து விதியில் ஒரு வரி கூடியது. கேள்விக்கு விடையாக வரும் ‘ம்’, ‘ம்ஹும்’, ‘ஓ’ எல்லாம் சொற்கள். அவற்றுக்குக் குறி போடக்கூடாது. ‘ம்’ ஆமென்றும், ‘ம்ஹும்’ இல்லையென்றும் பொருள் தரும். ஒன்றுக்கு மற்றதை எழுதினால் சாட்சியே தலைகீழாகிவிடும். பதிலா தயக்கமா என்று இரண்டாவது தடவை கேட்டும் தெரியாவிட்டால், குறி போடாமல் சொல்லாகவே விடுகிறோம். கூடுதலாக ஒரு ‘ம்’ வாசிப்பு வரியில் இருப்பதால் எவருக்கும் நட்டமில்லை.

அந்த ‘ம்’முக்கு முன்னால் இருந்த இடைவெளியை `#நிறுத்தம்` என்று மட்டும் குறித்தோம். அழுதார் என்றோ, நினைத்துப் பார்த்தார் என்றோ எழுதவில்லை. கேட்பவர் தன் காதால் கேட்டு அறியட்டும். அந்தப் பக்கத்தில் இப்போது கேள்விக்குக் கீழே ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது.

ம்.