ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி

துபாய் கட்டட வேலைக்கு வரும் ஒப்பந்தத்தைச் சுருக்கி வீட்டாருக்கு எழுதித் தரும்போது முதல் வரியில் இருக்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். ஓவர்டைம், பணிக்கொடை இரண்டுமே அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். மொத்தத் தொகையை மட்டும் எழுதிக்கொடுத்தால் அந்தச் சுருக்கத்தால் பயனில்லை.

ஒரு கொத்தனாரின் ஒப்பந்தத்தில் அடிப்படை 800 திர்ஹம், சாப்பாட்டுப் படி 300 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரில் ஏஜென்ட் சொன்னதோ, "ஓ.டி.யோடு 1500 வரும்." 800-ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.33 திர்ஹம். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி ஓவர்டைமுக்கு அதில் 25 சதவீதம் கூடும். அதாவது சுமார் 4.17. மீதி 400 திர்ஹத்தை எட்ட மாதம் 96 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். 26 வேலை நாட்களில் அது நாளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். சட்டமோ பொதுவாக நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்க அனுமதிப்பதில்லை. ஆகவே வீட்டார் கடனுக்குத் தவணை போட வேண்டியது 1100-ஐ வைத்துத்தான், ஓ.டி. வந்தால் உபரி.

இரண்டு ஆண்டு முடிந்து திரும்பும்போதும் இதே கதைதான். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. 800-க்கு 42 நாளின் தொகை 1120 திர்ஹம். 1100 முழுவதும் அடிப்படையாக இருந்திருந்தால் 1540 கிடைத்திருக்கும்.

தங்குமிடம் கம்பெனி கேம்ப்பா, அதற்குப் படியா, சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். விடுப்பும் டிக்கெட்டும் தனித்தனி விஷயங்கள். ஓராண்டு முடிந்தவருக்குச் சம்பளத்தோடு 30 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. அந்த விடுப்பில் ஊருக்கு வரும் டிக்கெட் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உறுதி. வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் முதலாளியின் பொறுப்பு. தொழிலாளி வேறு முதலாளியிடம் சேர்ந்தாலோ, அவர் தவறால் வேலை போனாலோ அந்தப் பொறுப்பு இல்லை.

சண்டை வந்தால் முதலில் போக வேண்டிய இடம் அந்நாட்டு மனிதவள அமைச்சகம். 50,000 திர்ஹம் வரையிலான கோரிக்கையில் அமைச்சகமே முடிவு சொல்லலாம். ஏற்காதவர் 15 வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்தை அணுகலாம். ஒப்பந்தத்தின் அரபு வாசகமும் இன்னொரு மொழி வாசகமும் முரண்பட்டால் அரபுதான் நிற்கும் என்பதால், தொகைகளை அதிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய அரசின் மதத் இணையதளத்தில் வீட்டாரே ஊரிலிருந்து புகார் பதியலாம். அதற்குப் பாஸ்போர்ட் நகலும் கையெழுத்தான ஒப்பந்த நகலும் பெட்டியோடு விமானம் ஏறிவிடாமல் வீட்டில் ஒரு படி இருக்க வேண்டும்.

சுருக்கத்தின் கடைசியில் தனிப் பத்தியாக, ஏஜென்ட் வாயால் சொன்னவை எல்லாம் "ஒப்பந்தத்தில் இல்லை" என்ற தலைப்பில் வர வேண்டும். மேலே சொன்ன 1500 அங்கேதான் இடம்பெறும்.